உப்பு இறங்கிய கதை

வாரம் 1: பாஸ்டனில் நான்கு மூளைகள்

1950. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வரும் நடுக்கத்தோடும் உளறலோடும் ஓர் இளைஞனைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில் இது அன்றாடம் நடப்பதுதான். நாலு நாள் படுக்கவைத்து, திரவம் ஏற்றி, வைட்டமின் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். மறுபடி குடித்துவிட்டு வருவார்கள்.

இவன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும்போது அவனுடைய கைகால்கள் நான்கும் விழுந்துவிட்டன. பேச்சு குழறி, பிறகு நின்றே போனது. விழுங்க முடியவில்லை. சில வாரங்களில் இறந்துபோனான்.

அவனைப் பார்த்தவர் நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸ். பிற்காலத்தில் அந்தத் துறையின் பாடநூலையே எழுதப்போகிறவர். பிரேதப் பரிசோதனையில் மூளையை அறுத்துப் பார்த்தபோது அவர் கண்டது இதற்குமுன் யாரும் எழுதிவைக்காத ஒன்று. மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் தண்டின் நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் பகுதிக்கு பான்ஸ் என்று பெயர். கைகால்களை அசைக்கச் சொல்லும் கட்டளைகள் எல்லாம் அதன் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அந்தப் பகுதியின் நட்டநடுவில், இடமும் வலமும் சமமாக, பெரியதொரு சிதைவு. விசித்திரம் என்னவென்றால் நரம்பு இழைகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அவற்றைச் சுற்றியிருக்க வேண்டிய மயலின் உறைதான் உரிந்துபோயிருந்தது. ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இதேபோல் இன்னும் மூன்று மூளைகள் கிடைத்தன. ஆடம்ஸும், மாரிஸ் விக்டரும், எலியட் மன்காலும் சேர்ந்து 1959ல் இந்த நான்கையும் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். நான்கு பேரில் மூவர் குடிநோயாளிகள். நான்காமவர் குடிக்காதவர், ஆனால் வேறொரு நோயால் மெலிந்து ஒடுங்கியவர். அதனால் கட்டுரையின் தலைப்பிலேயே குடியும் ஊட்டக்குறைவும் சேர்ந்து இடம்பெற்றன. காரணம் என்ன? ஏதாவது நஞ்சாக இருக்கலாம், சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இல்லாததாக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம்.

ஊகத்தில் தப்பு சொல்ல முடியாது. குடிக்கிறவர்கள், சாப்பிடாதவர்கள் என்று சரியான ஆட்களைத்தான் பிடித்திருந்தார்கள். ஆனால் ஒரு கேள்வி அப்போது எழவில்லை. அந்த இளைஞனுக்குக் கைகால் விழுந்தது ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு அல்ல, வந்து பத்து நாள் கழித்து. குடி நின்றுவிட்டது, சாப்பாடு கிடைக்கிறது, மருந்து கிடைக்கிறது. நோய் அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

அப்படியென்றால் அவனை வீழ்த்தியது வெளியே நடந்த ஏதோ ஒன்றா, உள்ளே வந்தபின் அவனுக்குச் செய்த ஏதோ ஒன்றா?

(அடுத்த வாரம்: பிரஸ்ஸல்ஸ்)

வாரம் 2: ஐந்து லிட்டரும் ஒரு கணக்கும்

பாஸ்டன் இளைஞனை இந்த வாரம் ஓரமாக வைத்துவிட்டு பீருக்கு வருவோம். பீர் குடிக்கிறவர்கள் நோயில் விழுந்தால், பீரில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்பட அந்தக் காலத்து மருத்துவர்களுக்கு நல்ல காரணம் இருந்தது. 1965-66ல் கனடாவின் க்யூபெக் நகரில் பீர்ப் பிரியர்கள் வரிசையாக இதயம் செயலிழந்து விழுந்தார்கள். நுரை கலையாமல் நிற்பதற்காக பீரில் சேர்த்த கோபால்ட் உப்புதான் அவர்களுடைய இதயத் தசையைக் கெடுத்தது என்று பிறகு தெரிந்தது. சாப்பாடு போதாதவர்களைத்தான் அது அதிகம் தாக்கியது.

ஆகவே 1971ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதியதைப் படித்தவர்கள் கொஞ்சம் குழம்பியிருக்கலாம். பீர் குடித்துக் கோமாவில் விழுந்தவர்களைப் பற்றிய கட்டுரை அது. ஆனால் அவர்கள் குற்றவாளியாகக் காட்டியது கலப்படத்தை அல்ல, ஆல்கஹாலைக்கூட அல்ல. தண்ணீரை! மறுவருடம் கலிஃபோர்னியாவிலிருந்தும் 1975ல் டென்மார்க்கிலிருந்தும் இதேபோன்ற செய்திகள் வந்தன. டென்மார்க்கின் ஐந்து நோயாளிகளும் நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் பீர் குடித்தவர்கள், உருப்படியாக எதுவும் சாப்பிடாதவர்கள். ரத்தத்தில் சோடியம் அதலபாதாளத்தில் கிடந்தது. இதற்கு பீர் பொட்டோமேனியா என்று பெயர் வந்தது.

தண்ணீர் அதிகமானால் மூளை கெடும் என்பது புதிய செய்தி அல்ல. 1923லேயே லெனர்ட் ரவுண்ட்ரீ என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களுக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் செலுத்தி, அவற்றுக்கு வலிப்பு வருவதைக் காட்டியிருந்தார். புதிர் வேறு. நல்ல சிறுநீரகம் உள்ள மனிதன் ஒரு நாளில் 12 லிட்டர் தண்ணீர் குடித்தாலும் சிறுநீரகம் அதை அசராமல் வெளியே தள்ளிவிடும். இந்த பீர்க்காரர்களின் சிறுநீரகங்களில் ஒரு பழுதும் இல்லை. ஐந்து, ஆறு லிட்டருக்கே அவை ஏன் கைவிரித்தன?

விடை சாப்பாட்டுத் தட்டில் இருந்தது. சிறுநீரகத்தால் வெறும் தண்ணீரைத் தனியாக வெளியே அனுப்ப முடியாது. ஆள் சேராமல் கிளம்பாத ஷேர் ஆட்டோ மாதிரி அது. ஒவ்வொரு லிட்டர் சிறுநீரிலும் குறைந்தபட்சம் 50 அலகு கரைபொருள் இருந்தே ஆகவேண்டும். (அலகின் முழுப்பெயர் மில்லியாஸ்மோல். நாம் அலகு என்றே வைத்துக்கொள்வோம்.) கரைபொருள் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி சாப்பாட்டு உப்புகள், மீதி பருப்பு, முட்டை, கறி, மீன் எல்லாம் செரித்தபின் மிஞ்சும் யூரியா. ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளில் 600 முதல் 900 அலகு சேரும். 600ஐ 50ஆல் வகுத்தால் 12 லிட்டர். மேலே சொன்ன 12 லிட்டர் இப்படி வந்ததுதான்.

பீரில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். புரதமும் பெயரளவுக்குத்தான். பீரை மட்டுமே நம்பி வாழ்கிறவருக்கு ஒரு நாளில் 250 அலகு சேர்ந்தால் அதிகம். 250ஐ 50ஆல் வகுத்தால் ஐந்து லிட்டர். அதற்குமேல் உள்ளே போவது உடம்பிலேயே தங்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடமும் அதுதான். அடியோடு பட்டினி கிடக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு எளிதில் வராது. பட்டினியில் உடம்பு தன் தசையையே கரைத்துத் தின்னும், அதிலிருந்து யூரியா கிடைக்கும். ஆனால் ஐந்து லிட்டர் பீரில் கிட்டத்தட்ட 2000 கலோரி இருக்கிறது. ஒரு ஆளின் ஒரு நாள் தேவைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கலோரி கிடைப்பதால் உடம்பு தசையில் கை வைப்பதில்லை. யூரியா அந்த வழியாகவும் வருவதில்லை. ஆக, பீர் தண்ணீரைக் கொட்டுகிறது, அதை வெளியேற்றத் தேவையான சரக்கையும் நிறுத்திவிடுகிறது. ஒரு பாட்டிலில் இரண்டு வேலை. விஸ்கி குடிப்பவர்களிடம் இந்த நோய் அரிதாக இருப்பதற்குக் காரணமும் புரிகிறது. அவர்கள் குடிக்கும் தண்ணீரின் அளவு குறைவு.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது கிலோ எடை. உடம்பில் தண்ணீர் சுமார் 42 லிட்டர். சோடியம் 138. (இயல்பு 135 முதல் 145 வரை.) தினமும் ஆறு லிட்டர் பீர், கொறிக்க ஏதோ கொஞ்சம். ஐந்து லிட்டர் சிறுநீரில் போகிறது, அரை லிட்டர் வியர்வையிலும் மூச்சிலும் போகிறது. அரை லிட்டர் தங்குகிறது. ஒரு வாரத்தில் மூன்றரை லிட்டர். அதே உப்பு இப்போது 45.5 லிட்டரில் கரைந்து கிடக்கிறது. சோடியம் 127. ஆளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி, நடையில் தள்ளாட்டம். குடிகாரன் தள்ளாடினால் யார் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போகிறார்கள்?

எட்டாம் நாள் வயிறு கெடுகிறது. பல நோயாளிகள் கவிழ்வது இந்தக் கட்டத்தில்தான். கொறிப்பதும் நின்றுவிடுகிறது. பீர் மட்டும் இறங்குகிறது. 250 அலகு 175க்குச் சரிகிறது, வெளியேறக்கூடிய சிறுநீர் மூன்றரை லிட்டராகிறது. நாளுக்கு இரண்டு லிட்டர் தங்குகிறது. இரண்டே நாளில் உடம்புத் தண்ணீர் 49.5 லிட்டர், சோடியம் 117. வாந்தியிலும் பேதியிலும் போன உப்பையும் கழித்தால் 110. தண்ணீர் செல்களுக்குள் புகுகிறது. மற்ற உறுப்புகள் வீங்க இடமிருக்கிறது, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளைக்கு அது இல்லை. பெண்டாட்டி பெயரை மறக்கிறார், நாள் கிழமை தெரியவில்லை, பிறகு கண் செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள். சோடியம் 110. ஒரு பாட்டில் சலைன் ஏற்றுகிறார்கள். மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து பேசுகிறார், இட்லி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமே கையெடுத்துக் கும்பிடுகிறது.

நான்காம் நாள் அவருக்குப் பேச்சு குழறுகிறது.

(அடுத்த வாரம்: எலிகளின் சாட்சி)

வாரம் 3: ஒரு பாட்டில் சலைன்

பாஸ்டன் இளைஞனுக்கு இப்போது திரும்புவோம். சோடியம் குறைந்த நோயாளிகளிடம் பான்ஸ் சிதைவு வருகிறதே என்று 1970களின் நடுவில் சிலர் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். குறைந்த சோடியம்தான் மயலின் உறையை உரிக்கிறது என்று எண்ணுவது இயல்பு. 1981ல் பெட் க்ளைன்ஷ்மிட்-டிமாஸ்டர்ஸும் மைக்கேல் நோரென்பெர்க்கும் எலிகளில் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளின் சோடியத்தைக் குறைத்து சில நாள் அப்படியே வைத்திருந்தார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் உப்பு அடர்ந்த கரைசல் கொடுத்து சோடியத்தைச் சட்டென்று ஏற்றினார்கள். உறை உரிந்தது அந்த எலிகளில்தான். சோடியம் குறைந்தபடியே விடப்பட்ட எலிகளின் மூளையில் அந்தச் சிதைவு இல்லை. மயலினை உரித்தது சோடியம் இறங்கியதல்ல, அதை அவசரமாக ஏற்றியது.

காரணம் மூளையின் சாமர்த்தியம். சோடியம் மெல்ல இறங்கும்போது மூளை செல்கள் வீக்கத்தைத் தவிர்க்கத் தங்களுக்குள் இருக்கும் பொட்டாசியத்தையும் சில கரிமப் பொருட்களையும் வெளியே தள்ளிவிடுகின்றன. இதற்கு இரண்டு நாள் போதும். சோடியம் 110 என்று இருந்தும் சிலர் நடந்து வருவது இதனால்தான். ஆனால் தள்ளிய பொருட்களைத் திரும்பச் சேர்க்கப் பல நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் உப்பை ஏற்றினால் செல்களிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. சுருங்குவதைத் தாங்காத செல்களில் மயலினைப் பின்னும் செல்கள் முதல் வரிசையில் நிற்கின்றன.

1986ல் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் குழு நியூ இங்கிலாந்து ஜர்னலில் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதியது. அத்தனை பேருக்கும் சோடியம் ஒரு நாளில் 12க்கு மேல் ஏறியிருந்தது, அதற்குப் பின்னர்தான் நரம்புக் கோளாறு வந்தது. அதே ஆண்டு, அதே இதழில் ஆலன் ஏரிஃப் வேறொரு கதையைச் சொன்னார். சாதாரண அறுவைச் சிகிச்சைக்கு வந்த 15 ஆரோக்கியமான பெண்கள். அறுவைக்குப் பின் சோடியம் மளமளவென்று இறங்கி வலிப்பு வந்து, மூச்சு நின்று, சாவையோ மீளாத மூளைச் சேதத்தையோ சந்தித்தவர்கள். தாமதித்தால் கொல்கிறீர்கள் என்றது ஒரு கட்சி, அவசரப்பட்டால் முடமாக்குகிறீர்கள் என்றது மறு கட்சி. சண்டை பல ஆண்டுகள் ஓடியது. இன்று திரும்பிப் பார்க்கும்போது இரு தரப்பும் வெவ்வேறு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிகிறது. அந்தப் பெண்களுக்குச் சோடியம் இறங்கியது ஓரிரு நாளில். மூளைக்குத் தயாராகப் போதிய நேரம் இல்லை. பீர்க்காரருக்கோ பத்து நாள் ஆனது.

சரி, பீர்க்காரருக்கு ஏற்றியது ஒரே ஒரு பாட்டில் சாதாரண சலைன்தானே? அதில் அப்படி என்ன இருக்கிறது?

மருத்துவர்கள் பயன்படுத்தும் வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு லிட்டர் சலைன் இவருடைய சோடியத்தை ஒரு புள்ளிகூட ஏற்றக்கூடாது. 110, 111ஐத் தொடாது. காகிதத்தில் இதைவிடச் சாதுவான மருந்து கிடையாது. ஆனால் சூத்திரம் உள்ளே போவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. போன வாரக் கணக்கை எடுங்கள். ஒரு லிட்டர் சலைனில் 308 அலகு கரைபொருள் இருக்கிறது. சரக்கு இல்லாமல் காத்துக்கிடந்த சிறுநீரகத்துக்கு அது கிடைத்துவிட்டது. 308ஐ 50ஆல் வகுத்தால் ஆறு லிட்டர். பாட்டிலில் வந்த ஒரு லிட்டர் போக, உடம்பில் தேங்கியிருந்த ஐந்து லிட்டர் தண்ணீர் மடை திறந்ததுபோல் வெளியேறலாம். 49.5 லிட்டர் 44.5 ஆகிறது. சோடியம் 110லிருந்து 122. ஒரு புள்ளி ஏறவேண்டிய இடத்தில் 12 புள்ளி. இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டால் அதிலுள்ள உப்பும் புரதமும் இன்னும் கொஞ்சம் தள்ளும்.

டாலஸிலிருந்து 1996லும் விஸ்கான்சினிலிருந்து 2007லும் வந்த கட்டுரைகள் இந்த நோயாளிகளைத் தனி வகையாகப் பார்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். 2007 கட்டுரை அதுவரை வெளியான 22 நோயாளிகளைத் திரட்டிப் பார்த்தது. அவர்களில் 18 சதவீதம் பேருக்கு மயலின் சிதைவு வந்திருந்தது. குடியாலும் பட்டினியாலும் பொட்டாசியம் குறைந்திருப்பதும் இவர்களுடைய மூளையை மேலும் பலவீனமாக்குகிறது.

விஸ்கான்சின் மருத்துவர்கள் சொன்ன வைத்தியம் கேட்கிறவர்களுக்கு ஈவிரக்கமற்றதாகத் தோன்றும். வலிப்போ ஆழ்ந்த மயக்கமோ இல்லையென்றால் சலைன் வேண்டாம். முதல் 24 மணி நேரம் மாத்திரை தவிர வாயில் எதுவும் வேண்டாம், சாப்பாடும்தான். மெலிந்து கிடக்கிறவனுக்குச் சோறு போடாதே என்று எந்த மருத்துவருக்கும் சொல்ல மனம் வராது. ஆனால் சரக்கு வராவிட்டால் சிறுநீரகம் தன் போக்கில் மெதுவாகத் தண்ணீரை விடும். சோடியம் ஒரு நாளில் 10, இரண்டு நாளில் 18 என்ற எல்லையைத் தாண்டக்கூடாது என்றார்கள். இப்போது பலர் நாளுக்கு எட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பொட்டாசியம் கொடுத்தால் அதுவும் சோடியத்தை ஏற்றும் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வலிப்பு வந்துவிட்டால் கதை வேறு. அப்போது காத்திருக்க நேரமில்லை. 3 சதவீத உப்புக் கரைசலை 100 மில்லி அளவில் பத்து நிமிடத்தில் கொடுக்கிறார்கள், தேவையானால் திரும்பவும். சோடியம் நாலைந்து புள்ளி ஏறினாலே மூளை வீக்கம் அடங்கி வலிப்பு நிற்கும். 135ஐத் தொடவேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை.

அதன் பிறகு கட்டில் பக்கத்தில் கவனிக்க வேண்டியது மானிட்டரை அல்ல, சிறுநீர்ப் பையை. மணிக்கு 60, 70 மில்லி மஞ்சளாக வந்துகொண்டிருந்தது திடீரென்று மணிக்கு 400 மில்லியாகி, நிறம் வெளுத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஆனால் சோடியம் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆய்வகத்திலிருந்து சோடியம் ரிப்போர்ட் வருவதற்குமுன் பை சொல்லிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, எல்லையை நெருங்கினால் டெஸ்மோப்ரெசின் ஊசி போட்டு சிறுநீரைக் கட்டுகிறார்கள். தாண்டிவிட்டால் உப்பில்லாத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, ஏறிய சோடியத்தைத் திரும்ப இறக்குகிறார்கள். ஏற்றியதையே இறக்குவதா என்று உறவினர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் நான்காம் நாள் பேச்சு குழறுவதற்கு முன்பு கையில் இருக்கும் வாய்ப்பு அது. குழறத் தொடங்கியபின் எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில்கூட ஆரம்ப நாட்களில் சிதைவு தெரியாமல் போகலாம். சிலர் மாதக்கணக்கில் மெல்லத் தேறுகிறார்கள். சிலர் தேறுவதில்லை.

பாஸ்டன் இளைஞனின் சோடியம் எவ்வளவு ஏறியது என்பது 1959 கட்டுரையில் பேசுபொருளே அல்ல. அந்தக் கண்ணோட்டம் அப்போது பிறக்கவில்லை.

பீர்க் கணக்கு இதோடு தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில், 1998ல் கொலராடோவிலிருந்து மூன்று மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இதே இறங்கிய சோடியம், இதே வெளுத்த சிறுநீர். சிறுநீரகத்தில் ஒரு பழுதும் இல்லை. ஆனால் அந்த நோயாளிகள் பீர் குடிக்கிறவர்கள் அல்ல.

(அடுத்த வாரம்: பீர் இல்லாத பீர் நோய்)